தலைக்கணக்கும் தட்டுக்கணக்கும்

கிள்ளானில் நடந்த எம் இல்லத் திருமணத்திற்கு 500 பேர், ஆளுக்கு 18 ரிங்கிட் எனச் சமையல் ஒப்பந்தம். இறுதி விலைச்சீட்டோ 560 தட்டுகளுக்கு வந்தது. மொத்தம் 10,780 ரிங்கிட். மண்டப வாயிலில் இரு தரப்பாரும் எண்ணியது 520 பேரையே. இரண்டாம் முறை உண்டோர் புதுத்தட்டு எடுத்ததே வேறுபாட்டின் காரணம்.

சமையல்காரருக்கு வரிவரியாகக் கடிதம் எழுதினேன். கூடுதலாக வந்த 20 பேருக்கு 360, நாங்களே பின்னர் கேட்ட பாயசத்திற்கு 400 ரிங்கிட் ஏற்றேன். எஞ்சிய 40 தட்டுகளுக்கான 720, ஒப்பந்த விலையிலேயே அடங்கிய பரிமாறுவோர் கூலி 300 ஆகியவற்றை மறுத்தேன். ஏற்ற 9,760 ரிங்கிட்டுக்குக் காசோலை இணைத்தேன்.

முழுத்தொகையும் கட்டிவிட்டோர், மிகைத்தொகையைத் திரும்பக் கோரி 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞரின்றி, 3 ஆண்டுகளுக்குள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். எண்ணப்படுவது தலையா, தட்டா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுக.