பக்கம் 34 எங்கே போச்சு?

நவராத்திரிக்குப் பாட்டுப் புத்தகம் மறுபடி அச்சுக்குப் போகுது. போன வருஷம் நாங்க செஞ்ச தப்பை இங்கே எழுதி வைக்கிறோம்.

ஏ5 அளவு, 96 பக்கம், 500 பிரதி. செலவு ஓர் உபயக்காரருடையது. போன்ல பிடிஎஃப் பார்த்து, எழுத்துப்பிழை மட்டும் திருத்தி, ஓகே சொல்லிட்டோம். முதல் நாள் பூஜையில "பக்கம் 34 எடுங்க"ன்னு அறிவிச்சா, ஆளாளுக்குப் புரட்டுறாங்க, யாருக்கும் கிடைக்கல. முன்வரிசைப் பாட்டி ஒருத்தர் புத்தகத்தை இரண்டு கையாலும் பிளந்து பிடிச்சுக்கிட்டு, "தம்பி, வரிக்குக் கடைசி எழுத்தெல்லாம் எங்கப்பா?"ன்னு கேட்டாங்க.

வீட்டுக்குக் கொண்டுபோய் ரூலர் வச்சுப் பார்த்தோம். 96 பக்கம் தடிமன்னு கடையில பக்கவாட்டிலே பின் அடிச்சிருந்தாங்க. பின் ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே. அதுவரைக்கும் தாள் விரியவே விரியாது, அதுக்கு அப்புறமும் கொஞ்சம் வளைஞ்சே நிற்கும். ஆக ஒரு சென்டிமீட்டருக்கு மேலேயே போச்சு. நாங்க எல்லாப் பக்கத்துக்கும் இடது ஓரம் 20, வலது ஓரம் 10ன்னு வச்சிருந்தோம். ஒற்றைப்படைப் பக்கம் வலது கைப்பக்கம். அதுக்கு மடிப்பு இடது பக்கம், 20 இருக்கு, தப்பிச்சுது. இரட்டைப்படைப் பக்கத்துக்கு மடிப்பு வலது பக்கம். அங்கே 10தான். எண்ணையும் எல்லாப் பக்கத்திலும் வலது மூலையிலேயே போட்டதால, 34 மடிப்புக்குள்ள ஒளிஞ்சுக்கிச்சு. வலது பக்கமெல்லாம் சரி, இடது பக்கம் மட்டும் வரி விழுங்குதுன்னா காரணம் இதுதான். கடைக்காரரைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல.

இந்த வருஷம் முதல்ல கடையில கேட்டோம்: பின் மடிப்பிலயா, பக்கவாட்டிலயா? மடிப்பிலன்னா புத்தகம் நல்லா விரியும், உள் ஓரம் குறைவா இருந்தாலும் போதும். ஆனா நடுத்தாள்கள் வெளியே துருத்தும், வெட்டும்போது அந்தப் பக்கங்களோட வெளி ஓரம் குறையும். பக்கவாட்டுதான்னாங்க. வேர்டில Mirror margins போட்டு உள் ஓரம் 20, வெளி ஓரம் 12 வச்சோம். எண் கீழே நடுவில.

ஃபேக்டரியில முதல் பீஸ் பார்க்காம லைன் ஓட்ட மாட்டோம். அதே மாதிரி 96 பக்கத்தையும் அதே தாளில் அச்சடிச்சு, ஓரத்தில பின் அடிச்சு, அதே பாட்டிகிட்ட கொடுத்தோம். ஒரு கையில தட்டு, ஒரு கையில புத்தகம். படிச்சுட்டாங்க, 58ல ஒரு நீள வரியைத் தவிர. அந்த ஒரு வரி மட்டும் இழுத்து அடைச்சதில ஓரத்தைத் தாண்டிப் போயிருந்துச்சு. இரண்டா உடைச்சோம். அதனால அடுத்த பாட்டு ஒரு பக்கம் தள்ளிப் போச்சு, பொருளடக்க எண்களையும் திருத்த வேண்டியதாச்சு. அதை முடிச்சுப் புதன்கிழமை கடைக்கு அனுப்புறோம்.