இழை ஒட்டிய கைகளுக்கு

இன்று எங்கள் நூற்பாலையில் 25 வருடம் முடித்த சைடர் அக்காவுக்கு விருது கொடுத்தேன். மேடையில் பேசியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

ரிங் ஃபிரேமில் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் ஓடும். இழை அறுந்தால் அக்கா முழங்காலால் பிரேக்கை அழுத்தி அந்த ஒரு ஸ்பிண்டிலை மட்டும் நிறுத்துவார். பாபினில் நுனியைத் தேடி எடுத்து, டிராவலரில் கோத்து, பிரேக்கை விட்டுக்கொண்டே முன் ரோலரில் வரும் பஞ்சிழையோடு சேர்ப்பார். ஒரு நொடி பிந்தினால் அந்த இடம் தடித்துவிடும். துணியில் முடிச்சாகத் தெரியும். அவர் ஒட்டிய இடத்தை விரலால் தடவியும் என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

ஒரே ஸ்பிண்டிலில் திரும்பத் திரும்ப அறுந்தால் ஒட்டிவிட்டுப் போகமாட்டார். "டிராவலர் தேஞ்சிருக்கு, மாத்துங்க தம்பி" என்பார். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

2012 மின்வெட்டில் கரண்ட் போய் வரும்போதெல்லாம் வரிசை வரிசையாக இழைகள் அறுந்து கிடக்கும். பலர் வேலையை விட்டுப் போனார்கள். அக்கா இருந்தார், புதிதாக வந்த பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி ஒட்டக் கற்றுக்கொடுத்தார். இன்று இரண்டு ஷிஃப்டில் சைடு பார்ப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் பழகியவர்கள்.