பச்சை என்பது ஒரு நிறமா?

கல்யாணத்துக்குப் போகும் சிநேகிதிகள் எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்திக்கொள்வது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. பார்ப்பதற்கு அழகுதான். ஆனால் ஒரே நிறம் என்பது வேறு. ஒரே புடவை என்பது வேறு. இரண்டையும் ஒன்றென்று எண்ணினால், தோழிமார் பாண்டு வாத்தியக் கோஷ்டியைப் போல் காட்சியளிப்பார்கள்.

சென்ற தை மாதம் எங்கள் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சருக்குக் கும்பகோணத்தில் விவாகம். சிநேகிதிகள் நாங்கள் ஆறு பேர். மணப்பெண்ணின் கூறைப் புடவை அரக்கு நிறம். அதனுடன் போட்டி போடக் கூடாதென்று நாங்கள் பச்சையைத் தேர்ந்தெடுத்தோம். ஒரே கடையில் ஒரே மாதிரியாக ஆறு புடவை எடுத்துவிடலாம் என்றார் சரித்திர டீச்சர். புடவை ஒன்று 4,000 ரூபாய். குழந்தை வகுப்பு டீச்சர் மட்டும் மௌனமாயிருந்தார். மறுநாள், "அன்றைக்கு எனக்கு ஊரில் வேலை இருக்கிறது. நீங்கள் எல்லோரும் போய் வாருங்கள், டீச்சர்" என்றார். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே விளங்கிற்று.

அப்போது தையல் டீச்சர், "கடைக்கே போக வேண்டாம். அவரவர் பெட்டியில் உள்ள பச்சையைக் கொண்டு வாருங்கள்" என்றார்.

கொண்டு வந்தோம். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, இலைப்பச்சை, மயில்கழுத்து என்று மேஜைமேல் பரப்பியபோது, கறிகாய்க் கடைக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றிற்று. தமிழில் பச்சை என்பது ஒரு நிறத்தின் பெயரன்று, ஒரு குடும்பத்தின் பெயர்! அதிலும் மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை வேறொரு நிறம். நின்றால் நீலமாகவும் திரும்பினால் பச்சையாகவும் தெரியும் அதனுடன் எந்தப் புடவையும் இணங்காது. ஆகையால் அதை முதலில் விலக்கினார்.

பிறகு இலைப்பச்சைப் புடவை ஒன்றின் முந்தானைக் குஞ்சத்திலிருந்து சில இழைகளை வெட்டி, ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் போதாதா என்று கேட்டேன். ஒவ்வொரு கைப்பேசியிலும் நிறம் ஒவ்வொரு விதமாகத் தெரியும். நூலோ பொய் சொல்லாது என்றார்.

அடுத்து, அந்த நிறம் எங்கே அமைய வேண்டும் என்று பங்கிட்டார். இரண்டு பேருக்கு உடலில். இரண்டு பேருக்குக் கரையிலும் முந்தானையிலும். இரண்டு பேருக்கு ரவிக்கையில் மட்டும். மீதி இடமெல்லாம் சந்தன நிறம். உடல் முழுதும் பச்சையாயிருந்த இருவரில் ஒருவருக்குப் பட்டு, மற்றவருக்குப் பருத்தி. பட்டு ஒளியைத் திருப்பி வீசும். பருத்தி அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். அதனால் ஒரே நிறமானாலும் இரண்டும் ஒன்றுபோல் தோன்றா.

கரையில் ஒரு சூட்சுமம் உண்டு. காஞ்சீபுரத்துக் கோர்வைப் புடவையில் கரைக்குத் தனி நாடா ஓடுகிறது. ஆகையால் பாவும் ஊடையும் பச்சையாகவே நின்று, கரை அழுத்தமாகத் தெரிகிறது. கோர்வையில்லாத புடவையிலோ உடலின் ஊடையே கரைக்குள்ளும் ஓடுகிறது. சந்தன ஊடை கலந்தால் பச்சைக் கரை வெளுத்துப் போகும். கணக்கு டீச்சர் கொண்டு வந்தது அப்படிப்பட்டதுதான். நூலைக் கரைமேல் வைத்த மாத்திரத்தில் குட்டு வெளிப்பட்டது. அவர் வேறொன்றை எடுத்து வந்தார்.

கடைசிப் பரீட்சை வெளிச்சம். பட்டுக்கும் பருத்திக்கும் சாயம் வேறு. ஆகவே வெயிலில் ஒத்துப்போகும் இரண்டு துணிகள் மஞ்சள் விளக்கின் கீழே பிரிந்துவிடக்கூடும். எல்லாவற்றையும் ஒரு முறை ஜன்னலருகே பார்த்தோம். ஜன்னலைச் சாத்திவிட்டு விளக்கின் கீழே மற்றொரு முறை பார்த்தோம். பருத்திப் புடவை விளக்கில் சற்றுப் பழுப்பாய்த் தெரிந்தது. அதை உடுத்தியவர் பட்டுக்காரரின் பக்கத்தில் நிற்காமல், நடுவே ஒரு சந்தனப் புடவைக்கு இடம் விட்டு நின்றால் போதும் என்று தீர்ப்பாயிற்று. இந்த உபாயத்துக்கும் எல்லை உண்டு. ஆறு பேரில் நால்வர் உடல் முழுதும் பச்சையாக இருந்திருந்தால், எப்படி நின்றாலும் இருவர் அடுத்தடுத்து வந்து விடுவார்கள் என்று தையல் டீச்சர் அஞ்சினார்.

குழந்தை வகுப்பு டீச்சரிடம் அவருடைய தாயாரின் சந்தன நிறப் புடவை ஒன்று இருந்தது. நூலுக்கு ஒத்த ரவிக்கைத் துணி ஒரு மீட்டர் வாங்கினார். தையல் டீச்சரே தைத்துக் கொடுத்தார். ஊரில் இருந்த வேலை எப்படியோ நின்றுவிட்டது!

ஒரே மாதிரி ஆறு புடவை எடுத்திருந்தால், மறுபடி எந்த விசேஷத்துக்கு யார் உடுத்துவது என்று ஆறு பேரும் யோசித்துக்கொண்டிருப்போம். இப்போது அந்தத் தொல்லை இல்லை. அந்தப் பச்சை ரவிக்கையைக் குழந்தை வகுப்பு டீச்சர் வாரம் ஒரு நாளாவது பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு வருகிறார்.