காலக்குறிப்பின் ஆதி

யூடியூபில் இரண்டு மணி நேரச் சங்கீதக் கச்சேரி ஒன்றைத் திறந்தால், அதன் அடியில் வர்ணம் எத்தனையாவது நிமிஷத்தில் தொடங்குகிறது, தனி ஆவர்த்தனம் எங்கே வருகிறது என்று வரிசையாய் எழுதியிருப்பதையும், விரலால் தொட்டவுடன் அந்த இடத்திற்கே தாவிச் செல்வதையும் நாம் இன்று ஒரு சாதாரண விஷயமாகவே பாவிக்கிறோம். இந்த வழக்கத்தின் ஆதி எதுவாயிருக்கும் என்ற ஆவல், மாட்டுங்காவில் எங்கள் குடும்பத்து நாடாக்களைக் கணினிக்கு மாற்றத் தொடங்கிய காலத்தில் எனக்கு உண்டாயிற்று.

ஏட்டிலும் இணையத்திலும் கிடைத்த சரித்திரம் சுருக்கமானது. 2008ஆம் ஆண்டில் யூடியூப், ஒரு காணொளியின் குறிப்பிட்ட கணத்திற்கே நேராக இணைப்புத் தரும் வசதியைக் கொண்டுவந்தது. 2019 செப்டம்பரில் கூகுள், பதிவேற்றியவர் எழுதிவைத்த காலக்குறிப்புகளைத் தன் தேடல் விடையிலேயே காட்டத் தொடங்கியது. அப்போது அது ஆங்கிலக் காணொளிகளுக்கு மாத்திரமே. 2020 மே மாதத்தில் அதே குறிப்புகள் யூடியூபின் ஓட்டக்கோட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, அத்தியாயங்களாயின. ஆனால் 2008க்கு வெகு காலம் முன்பே எங்கள் வீட்டு நாடாக்களின் உறை அட்டைகளில், பாட்டின் பெயருக்கு எதிரே மூன்று இலக்க எண்கள் எழுதப்பட்டிருந்தன என்பது என் நினைவில் இருந்தபடியால், அந்தச் சரித்திரத்தோடு திருப்தியடைய என் மனம் ஒப்பவில்லை.

செம்பூரில் வசிக்கும் முதிய ரசிகர் ஒருவர், சபைக் கச்சேரிகளையும் நவராத்திரிப் பாட்டுகளையும் பதிவுசெய்து, ஒவ்வொன்றுக்கும் நோட்டுப் புத்தகத்தில் கணக்கு வைத்தவர். அதில் ஒரு கச்சேரிக்கு எதிரே ‘பி 305, தனி’ என்றிருந்தது. “மாமா, இது நிமிஷமா?” என்று கேட்டேன். “நிமிஷமாவது! அது கவுண்ட்டர் நம்பர். என் டேப்ரிகார்டர்ல போட்டாத்தான் அது சரியா வரும், ஒன்னோடதுல போட்டா வராது” என்றார். அவ்வாறே அந்த நாடாவை நான் வேறொரு கருவியில் ஓட்டிப் பார்த்தபோது, மிருதங்கம் தனியே எழுந்த இடத்தில் எண் 270ஐத்தான் காட்டிற்று.

இதன் காரணம் சூக்ஷ்மமானது. அந்த எண்காட்டி காலத்தை அளப்பதில்லை. நாடாவைச் சுருட்டும் சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்பதையே எண்ணுகிறது. நாடா எப்போதும் ஒரே வேகத்தில், விநாடிக்கு ஏறக்குறைய 4.76 சென்டிமீட்டர் வீதம், ஓடினாலும், சுருள் பருக்கப் பருக்கச் சக்கரம் மெதுவாகச் சுழலுகிறது. ஒரு பக்கம் முடியும் தறுவாயில் அதன் வேகம் தொடக்கத்தில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆகையால் முதல் நூறு எண்களுக்குள் அடங்கும் சங்கீதமும் கடைசி நூறு எண்களுக்குள் அடங்கும் சங்கீதமும் ஒரே அளவினவல்ல. எண்காட்டியின் பற்சக்கர அமைப்போ கருவிக்குக் கருவி வேறுபடும். மாமாவின் குறிப்பு உண்மையானதுதான். ஆயினும் அது ஒரே ஒரு கருவியின் மொழியில் எழுதப்பட்ட உண்மை.

எல்லாக் கருவிக்கும் பொதுவான விலாசம் 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டோடுதான் வீட்டுக்குள் நுழைந்தது. அதன் உள்விளிம்பில், எந்தப் பாட்டு எத்தனை நிமிஷம், எத்தனை விநாடியில் தொடங்குகிறது என்ற பொருளடக்கம் பதிந்திருக்கிறது. எந்த ஊர்க் கருவியில் இட்டாலும் அதே இடத்தில் அதே பாட்டு எழும். பின்னர் வந்த டிவிடியில் அத்தியாயம் என்ற பிரிவே ஏற்பட்டது.

தாராவியில், தொண்ணூறு அடிச் சாலைக்கு அருகே கல்யாண வீடியோக்களைத் தொகுக்கும் திருநெல்வேலிக் குடும்பத்து இளைஞர் ஒருவர் இந்த இடைக்காலத்தைப் பற்றிச் சொன்னார். “மெஷின்ல அப்படியே ரெக்கார்ட் பண்ணா, அது பாட்டுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு சாப்டர் வெட்டிரும், அண்ணாச்சி. தாலி கட்டுறது நடுவுல வெட்டிருக்கும். அதனால நாங்களே உக்காந்து மாப்பிள்ளை அழைப்பு, தாலி கட்டு, சாப்பாடுன்னு பிரிச்சுப் போடுவோம்” என்றார். கருவி காலத்தைச் சமமாகப் பிரிக்கிறது, மனிதன் நிகழ்ச்சியைப் பிரிக்கிறான் என்னும் இந்த பேதத்தில்தான் நான் தேடிய ஆதி இருந்தது. மாமாவின் நோட்டும், தாராவி இளைஞரின் பட்டியலும், இன்று காணொளிக்குக் கீழே ரசிகர்கள் எழுதும் வரிசையும் ஒரே வம்சம்.

யூடியூபில் ஏற்றுவதற்கு, ‘பி 305’ இருந்த அந்தத் தொண்ணூறு நிமிஷ நாடாவையே நாங்கள் முதலில் எடுத்துக்கொண்டோம். அதன் ஒவ்வொரு பக்கமும் 45 நிமிஷம். இரண்டாம் பக்கத்தில் தனி ஆவர்த்தனம் 17:10இல் எழுந்தது. இரண்டு பக்கங்களையும் ஒன்றாக இணைத்த கோப்பில் அதன் விலாசம் 1:02:10 ஆயிற்று. பக்கம் மாறிய 45ஆம் நிமிஷம் கல்யாணிக் கிருதியின் நடுவே விழுந்தபடியால், அங்கே அத்தியாயம் வைக்கவில்லை. நாடா முடிந்ததே தவிரப் பாட்டு முடியவில்லை. காணொளியின் விவரப் பகுதியில் முதலில் எழுதியது இது:

```
0:00 அறிமுகம், வர்ணம்
9:42 ஹம்ஸத்வனி கிருதி
21:15 கல்யாணி ஆலாபனை
38:30 கல்யாணி கிருதி, நிரவல்
1:02:10 தனி ஆவர்த்தனம்
1:14:55 திருப்புகழ்
1:20:05 மங்களம்
```

யூடியூபின் விதிகள் சில. முதல் வரி 0:00 ஆகவே இருக்கவேண்டும். குறைந்தது மூன்று குறிப்புகள் வேண்டும். அவை ஏறுவரிசையில் நிற்கவேண்டும். எந்த அத்தியாயமும் பத்து விநாடிக்குக் குறையலாகாது. கச்சேரிக்கு முன்னுள்ள அறிவிப்பைத் தள்ளிவிட்டு வர்ணம் தொடங்கும் 0:40இலிருந்து பட்டியலை ஆரம்பிப்பதுதான் மிகச் சாதாரணமாக நேரும் பிழை. அப்போதும் ஒவ்வொரு எண்ணும் தொட்டால் தாவும் இணைப்பாகவே இருக்கும் என்பதால் எல்லாம் சரி என்றே தோன்றும்; ஓட்டக்கோடு பிளவின்றி ஒரே கோடாய் இருப்பதைக் கண்டுதான் அத்தியாயம் உண்டாகவில்லை என்று அறியலாம். குறிப்பைச் சங்கீதம் எழும் கணத்திலேயே வைக்காமல், இரண்டொரு விநாடி முன்னதாக, சுருதி மாத்திரம் கேட்கும் இடத்தில் வைத்தால், தாவி வருகிறவருக்கு முதல் சங்கதி நழுவாது.

பெயரிடுவதே எஞ்சியிருக்கும் பெரிய காரியம். ‘பாட்டு 1’, ‘பாட்டு 2’ என்று எழுதினால் ஓட்டக்கோடு பிரியும். ஆனால் கல்யாணியைத் தேடி வருகிறவருக்கு அந்தப் பெயர்கள் ஒரு செய்தியையும் சொல்லா. மும்பையில் பிறந்து வளர்ந்து, தமிழ் பேசியும் தமிழ் எழுத்து வாசிக்க அறியாத பிள்ளைகள் Kalyani என்றே தட்டித் தேடுவார்கள் என்று தாராவி இளைஞர் நினைவூட்டியதன்மேல், ராகத்தின் பெயரை இரண்டு எழுத்திலும் சேர்த்தோம். இவ்வளவு செய்தாலும் தேடலில் அந்தப் பகுதி தோன்றியே தீரும் என்று உறுதி கூற முடியாது; எதைக் காட்டுவது என்று தீர்மானிப்பது தேடுபொறியே.

பழைய நாடாக்களை ஒலிக்கோப்பாக மாற்றிக்கொண்டவுடன் உறை அட்டையையும் நோட்டையும் குப்பையில் எறிந்துவிடுவது பல வீடுகளில் வழக்கமாயிருக்கிறது. வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது, அவ்வாறு செய்யவேண்டாம் என்பதே. அவற்றிலுள்ள எண்கள் இன்று எந்தக் கருவியிலும் பொருந்தாமல் போகலாம். ஆனால் எதன்பின் எது பாடப்பட்டது என்ற வரிசையும் பெயர்களும், அந்தக் கச்சேரியை உட்கார்ந்து கேட்ட ஒருவர் எழுதிவைத்தவை. ஒருமுறை கேட்டு, எண்களுக்குப் பதிலாக நிமிஷங்களை இட்டுவிட்டால், அந்த அட்டையே அத்தியாயப் பட்டியலாகிவிடும்.