பாட்டிலே ஒரு சண்டை, பாட்டிலே ஒரு சமாதானம்



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இன்று ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை. போன மாதம் போன் செய்தாள். "டீச்சர், ஆண்டு விழாவுக்கு ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு பாடற மாதிரி ஒரு பாட்டு வேணும். அம்மா ஊரை விட்டு வரமாட்டேங்கறா, மகன் சென்னைக்குக் கூப்பிடறான். பிள்ளைங்களே எழுதிட்டாங்க, ஆனா சண்டை மாதிரியே இல்ல டீச்சர்" என்றாள்.

பிள்ளைகள் எழுதியதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் படித்தேன். சொற்கள் நன்றாகவே இருந்தன. அம்மா பட்டணத்தின் குறைகளை அடுக்குகிறாள்: புகை, இரைச்சல், தண்ணீர்ப் பஞ்சம். மகன் கிராமத்தின் குறைகளை அடுக்குகிறான்: பஸ் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தேன். மகனின் இரண்டாம் பாட்டை முதலில் வைத்தேன், அம்மாவின் மூன்றாம் பாட்டை நடுவில் வைத்தேன். ஒன்றுமே கெடவில்லை. இடம் மாற்றினாலும் கெடாத பாட்டுகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லவில்லை என்று பொருள். இரண்டு பேரும் தனித்தனியாகப் பட்டியல் வாசிக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் பழைய ஏசல் பாட்டுகளைக் கேட்டவர்களுக்கு இது புரியும். முக்கூடற்பள்ளில் மூத்தவளும் இளையவளும் ஒருத்தி தெய்வத்தை ஒருத்தி ஏசிக்கொள்வார்கள். அவள் எதை எடுத்தாளோ அதையேதான் இவளும் எடுத்துத் திருப்பி அடிப்பாள். அத்தனை ஏசிவிட்டுக் கடைசியில் இருவரும் ஒன்றாவார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணியிலும் அப்படித்தான். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. எதிராளி பாடி முடித்த இடத்தில்தான் இவர் தொடங்க வேண்டும்.

அதனால் முதல் வேலையாக, இருவரும் இழுபறி செய்ய ஒரே ஒரு பொருளைத் தேடினேன். பூட்டு கிடைத்தது. மகனுக்கு அது பத்திரம், அம்மாவுக்கு அது இருட்டு. எதுகைக்கும் வசதி: வீட்டு, பூட்டு, கேட்டு, பாட்டி. மெட்டு கும்மி. அடிக்கு ஏழு சீர்: முன்னால் நான்கு, பின்னால் மூன்று. கை தட்டிக்கொண்டே பிள்ளைகள் பாடிவிடுவார்கள்.

மகன் தொடங்குகிறான்:

வீட்டினைப் பூட்டிவிட் டென்னுடன் வந்திடம்மா
வேளைக்குச் சாப்பாடு தந்திடுவோம்
கேட்டிட ஓராளும் இல்லாமல் நீயிருந்தால்
கண்மூடித் தூங்கிட ஏலுமோசொல்

அவன் சொன்ன பூட்டையே அம்மா கையில் எடுக்கிறாள்:

பூட்டிய வீட்டில் விளக்கெரி யாதப்பா
வந்தவர் திண்ணையில் தங்கமாட்டார்
பாட்டியும் தாத்தாவும் வாழ்ந்த இடமிது
பட்டணக் காற்றெனக் கொத்திடுமோ

அம்மாவின் பாட்டு எனக்கு ஒரே மூச்சில் வந்துவிட்டது. என் பிள்ளையும் வெளியூரில்தான் இருக்கிறான், எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு உண்டு என்பது உறவுகளுக்குத் தெரியும். மகன் பாட்டுக்குத்தான் நான்கு நாள் ஆயிற்று. எழுதுகிறவரின் மனம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தானாகவே பலமாகிவிடும். மற்றவர் பொம்மையாக நிற்பார். பொம்மையோடு சமாதானம் ஆனால் யாருக்குச் சந்தோஷம்? அதனால் மகன் வாயில் "சாப்பாடு தருவோம்" என்பதோடு நிறுத்தாமல், அவனால் தூங்க முடியவில்லை என்பதையும் வைத்தேன். அந்த வரியை எழுதிய பிறகுதான் என் பிள்ளை இரவு பத்து மணிக்கு மேல் எதற்குப் போன் செய்கிறான் என்று யோசித்தேன்.

இரண்டாம் சுற்றில் ஆளுக்கு ஓரடிதான். கோபம் ஏற ஏற மனிதர்கள் நீளமாகப் பேசுவதில்லை, வெட்டி வெட்டித்தான் பேசுகிறார்கள். அம்மா சொன்ன விளக்கை மகன் பிடித்துக்கொள்கிறான்:

ஏற்றும் விளக்கினில் கைசுட்டால் அம்மாநான்
எட்டு மணிநேரம் தள்ளிநிற்பேன்

அம்மா அந்தத் 'தள்ளி'யைப் பிடிக்கிறாள்:

தள்ளியே நின்றாலும் பிள்ளையென் பிள்ளைதான்
தாழ்போட்டால் ஊரெனைத் தேடிடுமே

காலையில் கதவு திறக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தட்டுவார்கள் என்கிறாள். அவன் பயத்துக்கு இது நேரான பதில். அவனால் மறுக்க முடியாது.

இனித் திருப்பம். பிள்ளைகள் எழுதியதில் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து தீர்ப்புச் சொல்லி முடித்துவைத்தார். அவரை எடுத்துவிடச் சொன்னேன். மூன்றாம் ஆள் வந்து தீர்த்தால் அது பஞ்சாயத்து. இருவரும் தாங்களாகவே மனம் மாறியது கேட்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கு ஒருவர் கவலையை மற்றவர் வாயால் சொல்லவைப்பதுதான் வழி. இங்கே ஆளுக்கு அரை அடி போதும்:

மகன்: தேடிடும் ஊருக்கு நன்றிசொல்வேன்
அம்மா: தூங்காத பிள்ளைக்கோ என்னசொல்வேன்

மகன் முதல் முறையாக ஊரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்கிறான். அம்மா அவன் முதல் பாட்டில் சொன்ன தூக்கத்தை இவ்வளவு நேரம் மனதில் வைத்திருந்து இப்போது எடுக்கிறாள். இது திடீரென்று முளைத்த வரியாக இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள். அதற்கான விதை முதல் பாட்டிலேயே இருக்க வேண்டும்.

முடிவில் யாரும் முழுதாக ஜெயிக்கக் கூடாது. மழைக்காலத்தில் அம்மா மகனோடு இருப்பாள், பொங்கலுக்குத் திரும்பி வருவாள். வீட்டைப் பூட்டத்தான் வேண்டும், ஆனால் விளக்கு அணையக் கூடாது. அம்மா மறுத்துப் பாடிய வரியை மகன் ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பாடுகிறான்:

மகன்: பூட்டிய வீட்டில் விளக்கெரி யட்டுமே
அம்மா: பக்கத்து வீட்டிலே சாவிவைப்பேன்
இருவரும்: மார்கழி தீர்ந்திடத் தையினில் வந்துநாம்
மீண்டுமித் திண்ணையில் கூடிடுவோம்

இந்தக் கடைசி அடிக்கு முன்னால் இருவரும் சேர்ந்து பாடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். நடுவில் ஒருமுறை சேர்ந்துவிட்டால் கடைசியில் சேர்வதற்கு மதிப்பு இருக்காது.

பாடுகிறவர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சிக்கல் வந்தது. மகனுக்கு எட்டாம் வகுப்புப் பையனைப் போட்டிருந்தார்கள். அந்த வயதில் குரல் உடையும், உச்சத்தில் பிசிறடிக்கும். ஆறாம் வகுப்புப் பையனை மாற்றச் சொன்னேன். அவன் குரலும் அந்தப் பெண்ணின் குரலும் ஒரே சுருதியில் நின்றன. அம்மா தோளுக்கும் எட்டாத மகன் சென்னைக்குக் கூப்பிட்டதும் கூட்டம் சிரித்ததாம். "தள்ளிநிற்பேன்" வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டதாம்.

வீடியோவை என் பிள்ளைக்கும் அனுப்பியிருக்கிறேன். "பக்கத்து வீட்டில் சாவி யாரிடம் கொடுப்பீங்க?" என்று மட்டும் பதில் போட்டிருக்கிறான். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.