வாளிக்கு வந்த வைத்தியம்

நமது வீட்டுக் குழாயில் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரும். ஏழு மணிக்கு நின்றுவிடும். அதற்குள் பன்னிரண்டு வாளித் தண்ணீர் மாடிக்கு ஏறியாக வேண்டும். சென்ற மாதம் ஒரு நாள் நமது நீல நிறப் பிளாஸ்டிக் வாளியின் அடிப்பக்கத்தில் நாலு அங்குல நீளத்துக்கு விரிசல் கண்டது. மாடிப்படிக்கெல்லாம் அபிஷேகம்!

முதலில் கடைப் பசையைப் பூசினோம். மறுநாளே அது பாம்புச் சட்டையைப் போல் உரிந்து வந்துவிட்டது. பிறகு கத்தியைப் பழுக்கக் காய்ச்சி, பழைய பாலிதீன் பையை விரிசலின் மேல் உருக்கி மெழுகினோம். பார்வைக்கு லட்சணமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் மறுபடியும் ஒழுகிற்று. விரிசலும் ஐந்து அங்குலமாக வளர்ந்திருந்தது.

இந்தச் சமயத்தில், தெருவோடு வாளி அடைக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். நமது கைவேலையைப் பார்த்துச் சிரித்தார். வாளியைக் கவிழ்த்து, அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்த எண்ணைக் காட்டினார்.

"இது பாலிபுரொப்பிலீன், சாமி. சாதாரணப் பசை இதிலே பிடிக்காது. பையோ வேறே இனம். இரண்டும் உருகும், ஆனால் ஒன்றோடொன்று கலக்காது" என்றார்.

அதே 5 போட்ட உடைந்த வாளித் துண்டு ஒன்று அவர் பையில் இருந்தது. ஆனால் அதை உடனே எடுக்கவில்லை. வாளியின் சுவரை மெதுவாக வளைத்து, கண்ணுக்குத் தெரிந்ததற்கும் அப்பால் விரிசல் எங்கே முடிகிறது என்று பார்த்தார். இரு நுனியிலும் காய்ச்சிய ஆணியால் வட்டமாகத் துளையிட்டார். கூரிய நுனியில்தான் இழுவிசை முழுவதும் குவிகிறதாம். வட்டத் துளையில் அது பரவிவிடும். நாம் செய்யத் தவறியது இதுதான்.

பின்னர் விரிசலின் இரு பக்கமும் அரை அங்குலத்துக்கு ஒரு துளையாகப் போட்டு, மெல்லிய செம்புக் கம்பியால் தைத்தார். தட்டை இரும்பைச் சூடாக்கிக் கம்பியைப் பிளாஸ்டிக்குக்குள் அழுத்திப் புதைத்தார். அதன் மேல் துண்டிலிருந்து சீவிய கீற்றை வைத்து உருக்கினார். கீற்றும் வாளியும் ஒரே சமயத்தில் பளபளக்க வேண்டும். கீற்று மட்டும் உருகினால் ஒட்டாது, புகைந்தால் கருகிப் பலமிழந்துவிடும். உட்புறத்திலும் ஓர் ஒட்டு வைத்தார். தண்ணீரின் அழுத்தமே அதைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுமல்லவா?

சூடு தானாக ஆறிய பிறகு, நீர் நிரப்பிப் பழைய பத்திரிகைத் தாளின் மேல் வைத்தோம். ஒரு தையல் துளைக்கு நேரே தாள் நனைந்தது. அங்கே மாத்திரம் மறுபடி இரும்பை வைத்தார், அப்புறம் நனையவில்லை.

வெயிலில் வெளுத்துக் கிடந்த நமது மற்றொரு வாளியையும் காட்டினோம். நகத்தால் சுரண்டினார், மாவாக உதிர்ந்தது. "இதைத் தைத்தால் தையலுக்குப் பக்கத்திலேயே பிளக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நீல வாளியிலும் வெந்நீர் ஊற்றக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை. வீட்டு எஜமானி பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கச் சொல்லியிருக்கிறாள்.