வில்லில் ஏறிய கண்ணப்பர் கதை

திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பகுதிகளின் கோயில் கொடைகளில் வளர்ந்த கலை வில்லுப்பாட்டு. தலைமைப் பாடகர் மணிகள் கட்டிய வில்லின் நாணை வீசுகோலால் அடித்துக் கதை சொல்வார். குடமும் உடுக்கையும் தாளமும் இசைக்கும் குழுவினர் பின்பாட்டுப் பாடுவர்.

சேக்கிழாரின் பெரியபுராணத்திலுள்ள கண்ணப்பர் கதையை வில்லுப்பாட்டாக மாற்றுபவர், முதலில் பின்பாட்டு வரியைத் தேடுகிறார். 'கண்ணைத் தந்தான் வேடன்' என வைத்தால், முடிவு தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிடும். ஆகவே, 'இந்த அன்புக்கு ஈடும் உண்டோ?' என அமைக்கிறார்.

வேடனாகிய திண்ணன், தான் சுவைத்துப் பார்த்த இறைச்சியைக் காளத்தி இறைவனுக்குப் படைக்கிறான். குழுவினர் "ஆமாம்" என்று மட்டும் சொன்னால் கதை நகராது. எனவே அவர்களுள் ஒருவர், "எச்சில் இறைச்சியையா அண்ணே படைத்தான்?" என்று கேட்கிறார். முறைப்படி பூசை செய்யும் சிவகோசரியாரின் திகைப்பு அக்கேள்வியில் ஒலிக்கிறது. இப்போது பாடப்படும் பின்பாட்டு, ஓர் ஐயமாகவே கேட்கிறது.

இறைவனின் வலக்கண்ணில் குருதி பெருகுகிறது. திண்ணன் அம்பினால் தன் கண்ணை அகழ்ந்து அப்புகிறான், குருதி நிற்கிறது. தாளம் விரைகிறது. அடுத்து இடக்கண்ணிலும் குருதி! மற்றொரு கண்ணையும் அகழ்ந்துவிட்டால் இடம் தெரியாதே என்று, இறைவனின் கண்ணருகே தன் காலை ஊன்றிக்கொள்கிறான்.

அங்கே வீசுகோல் நிற்கிறது. குடமும் உடுக்கையும் அடங்குகின்றன. இறைவனின் கை அவனைத் தடுத்ததைத் தலைமைப் பாடகர் இசையின்றிச் சொல்கிறார். பிறகு குழு மெல்லப் பாடுகிறது: 'இந்த அன்புக்கு ஈடும் உண்டோ?'

வரி மாறவில்லை, ஐயம் மட்டும் மறைந்துவிட்டது.